ஆதார் நகலில் மை தடவினால் போதுமா? வங்கி ஊழியர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

வங்கிக் கிளைகளில் கணக்குத் தொடங்கும் பிரிவிலும் கவுண்டரிலும் பணிபுரியும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பல கேள்விகள் ஆதார் நகலைச் சுற்றியே வந்திருப்பதால், அதற்கு அதிக இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: வாடிக்கையாளர் தரும் ஆதார் ஜெராக்ஸில் எண்ணை மறைக்க வேண்டும் என்கிறார்கள். எங்கள் கிளையில் கறுப்பு மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிட்டுக் கோப்பில் சேர்க்கிறோம். இது சரியா?

மறைக்க வேண்டும் என்பது சரி. நீங்கள் மறைக்கும் முறைதான் சரியில்லை. ஆதார் வைத்திருப்பதற்கான சான்றை வாடிக்கையாளர் அடையாள ஆவணமாகத் தரும்போது, அந்த எண்ணைக் கொண்டு சரிபார்ப்பு செய்யத் தேவையில்லாத கணக்குகளில், அவர் தம் எண்ணை மறைத்துத் தருவதை வங்கி உறுதிசெய்ய வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் கேஒய்சி நெறிமுறைகள் கூறுகின்றன. சமையல் எரிவாயு மானியம் போன்ற அரசு நேரடிப் பயன்களை அந்தக் கணக்கில் பெற விரும்புபவரின் நிலை வேறு; அவரிடம் ஆதார் எண்ணைப் பெற்று மின்னணு முறையில் சரிபார்க்க வேண்டும்.

நான் ஆய்வுக்குச் சென்ற ஒரு கிளையில், மார்க்கர் கோடு போட்ட நகல்களைக் கோப்பிலிருந்து எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். மைக்கு அடியிலிருந்த பன்னிரண்டு இலக்கங்களும் தாளின் பின்பக்கம் வழியே தெளிவாகத் தெரிந்தன. இன்னொரு கோப்பில் முன்பக்க எண்ணை மட்டும் மறைத்துவிட்டு, பின்பக்கத்தில் அதே எண்ணை அப்படியே விட்டிருந்தார்கள். கடித வடிவ ஆதாரில் எண் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் அச்சிடப்பட்டிருக்கும் என்பதால், தாள் முழுவதையும் ஒருமுறை கண்ணோட்டமிட்ட பிறகே மறைக்கத் தொடங்க வேண்டும்.

முறை இதுதான். முதலில் நகலை அசலோடு ஒப்பிட்டு, பெயர், புகைப்படம், பிறந்த தேதி, முகவரி ஆகியவற்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பிறகு முதல் எட்டு இலக்கங்களையும், அவை எங்கெல்லாம் இருக்கின்றனவோ அங்கெல்லாம், வாடிக்கையாளரையே மறைக்கச் சொல்லுங்கள். கடைசி நான்கு இலக்கங்கள் தெரியலாம். ஆதார் ஆணையமே வழங்கும் மறைக்கப்பட்ட ஆதாரிலும் அப்படித்தான் இருக்கும். மறைத்த தாளை மறுபடி ஒரு ஜெராக்ஸ் எடுத்து, அந்த இரண்டாம் நகலில் 'அசலைப் பார்த்துச் சரிபார்த்தேன்' என்ற முத்திரையோடு உங்கள் கையொப்பம், பெயர், பணியாளர் எண், தேதி ஆகியவற்றை இடுங்கள். இரண்டாம் நகலில் மைக்கு அடியில் எதுவும் இருக்காது. முதல் நகலை வாடிக்கையாளரிடமே திருப்பிக் கொடுங்கள், அல்லது அவர் கண்முன்னே கிழித்துப் போடுங்கள்.

கணினியில் மறைப்பவர்களும் இதே தவறைச் செய்வதுண்டு. பிடிஎஃப் கோப்பில் எண்ணின் மேல் கறுப்புக் கட்டம் ஒன்றை வரைந்து சேமித்தால், அந்தக் கட்டத்தை நகர்த்தினாலே எண் வெளிப்பட்டுவிடும். மறைத்த பக்கத்தை அச்சிட்டு, அந்த அச்சை மறுபடி ஸ்கேன் செய்வது பாதுகாப்பானது.

கேள்வி: முதியோர் உதவித்தொகைக்காகக் கணக்குத் தொடங்க வந்த ஒரு பாட்டியின் கைரேகை இயந்திரத்தில் பலமுறை முயன்றும் பதியவில்லை. திருப்பி அனுப்பிவிட்டோம். வேறு வழி இருந்ததா?

இருந்தது. காயம், நோய், முதுமைத் தளர்ச்சி போன்ற காரணங்களால் மின்னணுச் சரிபார்ப்பு செய்ய இயலாதவர்களுக்காகவே நெறிமுறைகளில் தனி வழி வைத்திருக்கிறார்கள். ஆதார் எண்ணைப் பெற்றுக்கொண்டு, முடிந்தால் இணையச் சரிபார்ப்பு தேவைப்படாத முறையில், இல்லையென்றால் வாக்காளர் அட்டை, தேசிய ஊரக வேலை உறுதித் திட்ட அட்டை போன்ற வேறோர் அதிகாரபூர்வ ஆவணத்தின் சான்றிட்ட நகலைக் கொண்டு அவரை அடையாளம் காணலாம்.

இணையம் தேவைப்படாத முறையில் பெரும்பாலும் பயன்படுவது ஆதாரில் உள்ள கியூஆர் குறியீடு. ஆதார் ஆணையத்தின் செயலியைக் கொண்டு அதை ஸ்கேன் செய்தால், ஆணையத்தின் மின்னணுக் கையொப்பத்தோடு பெயர், பிறந்த தேதி, முகவரி, புகைப்படம் ஆகியவை திரையில் வரும். திரையில் வரும் படத்தையும், அட்டையில் அச்சிட்டிருக்கும் படத்தையும், எதிரே நிற்பவரின் முகத்தையும் மூன்றாக வைத்துப் பாருங்கள். படத்தை மாற்றி அச்சிட்ட போலி அட்டை இந்த இடத்தில்தான் அகப்படும். அசல் அட்டையை வெறும் கண்ணால் பார்த்துத் திருப்திப்படுவதைவிட இது பல மடங்கு மேலானது.

ஒரு நிபந்தனை உண்டு. இந்த விதிவிலக்கு முறையை வங்கியின் அதிகாரிதான் செய்ய வேண்டும், வங்கி முகவர் செய்யக் கூடாது. ஏன் விதிவிலக்கு அளிக்கப்பட்டது என்பதையும் பதிவு செய்ய வேண்டும், ஏனென்றால் உடனிகழ் தணிக்கையில் அதைக் கேட்பார்கள். அந்தப் பாட்டியின் விலாசம் கிளையில் இருந்தால், தயவுசெய்து அவரை மறுபடி அழைத்துக் கணக்கைத் தொடங்கிக் கொடுங்கள்.

கேள்வி: கிளையின் ஸ்கேனர் பழுதானதால், ஆவணங்களை என் கைபேசியில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் மண்டல அலுவலகத்துக்கு அனுப்புகிறேன். அனுப்பியதும் அழித்துவிடுகிறேன். தவறா?

தவறுதான். நீங்கள் அழிப்பது ஒரு பிரதியை மட்டும். அதற்குள் அந்தப் படம் உங்கள் கைபேசியின் தானியங்கிச் சேமிப்பு வழியாக உங்கள் சொந்த மேகக் கணக்குக்குப் போயிருக்கலாம், பெறுபவரின் கைபேசியில் கேலரிக்குள்ளும் இறங்கியிருக்கலாம். நாளை அது வெளியே கசிந்தால், எந்த வழியாகக் கசிந்தது என்று வங்கியால் சொல்ல முடியாது. ஸ்கேனர் சரியாகும்வரை பக்கத்துக் கிளைக்கு மூடிய உறையில் அனுப்பி, அனுப்பியதையும் பெற்றதையும் பதிவேட்டில் எழுதி வைப்பது மெதுவான வழிதான் என்றாலும், ஆவணம் எங்கே இருக்கிறது என்பது எப்போதும் தெரியும். இதற்கு முன் அனுப்பிய படங்களைப் பற்றி உங்கள் மேலாளரிடம் நீங்களே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

கேள்வி: கணக்கை முடித்துக்கொண்ட ஒருவர், புதிய தனியுரிமைச் சட்டப்படி தம் ஆவணங்களை உடனே அழித்துவிட வேண்டும் என்று கடிதம் கொடுத்திருக்கிறார். அழிக்கலாமா?

உடனே அழிக்கக் கூடாது. சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டப்படி, வாடிக்கையாளரின் அடையாளப் பதிவுகளை உறவு முடிந்த பிறகும் குறைந்தது ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், வேறு சட்டப்படி வைத்திருக்க வேண்டிய தரவை அழிக்கும் கடமையிலிருந்து விலக்கியே வைத்திருக்கிறது.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். 2012இல் தொடங்கிய சேமிப்புக் கணக்கை அவர் 2025 மார்ச் 14இல் முடித்தார் என்றால், அடையாள ஆவணங்கள் குறைந்தது 2030 மார்ச் 14 வரை இருக்க வேண்டும். பரிவர்த்தனைப் பதிவுகளுக்குக் கணக்கு வேறு: 2021 ஜூனில் நடந்த ஒரு பரிமாற்றத்தின் ஐந்தாண்டு அந்தத் தேதியிலிருந்தே ஓடத் தொடங்கும். அதே வாடிக்கையாளர் எண்ணில் அவருக்கு ஒரு வைப்புத்தொகை இன்னும் இருந்தால் உறவே முடியவில்லை. வழக்கோ விசாரணையோ நிலுவையில் இருந்தால் காலம் இன்னும் நீளும்.

ஆனால் அவருடைய கடிதத்தை வெறுமனே மறுத்து அனுப்பிவிடாதீர்கள். மேசை இழுப்பறையில் கிடக்கும் கூடுதல் ஜெராக்ஸ்களை இப்போதே அழிக்கலாம், அழிக்கவும் வேண்டும். கணக்குத் தொடங்கப் பெற்ற விவரங்களை, அவருடைய வெளிப்படையான அனுமதி இல்லாமல், காப்பீடு விற்பதற்கோ வேறு நோக்கத்துக்கோ பயன்படுத்த ரிசர்வ் வங்கி விதி ஏற்கெனவே தடை விதித்திருக்கிறது. எதை எந்தத் தேதிவரை, எந்தச் சட்டத்தின்படி வைத்திருக்கிறீர்கள் என்று எழுத்தில் பதில் கொடுங்கள்.

கேள்வி: காவல் நிலையத்திலிருந்து உதவி ஆய்வாளர் என்று சொல்லி ஒருவர் தொலைபேசியில் ஒரு வாடிக்கையாளரின் முகவரியைக் கேட்டார். கொடுக்கலாமா?

தொலைபேசியில் கொடுக்கக் கூடாது. சட்டத்தின் கட்டாயத்தால் தகவல் தருவது இரகசியம் காக்கும் கடமைக்கு விதிவிலக்குதான் என்றாலும், அந்தக் கட்டாயம் எழுத்தில் வர வேண்டும். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94ஆம் பிரிவின் கீழ் வரும் அறிவிப்பு அப்படிப்பட்டது. அறிவிப்பு வந்ததும், அதில் உள்ள எண்ணை அழைக்காமல், நிலையத்தின் எண்ணை நீங்களே தேடி எடுத்து அழைத்து உறுதிசெய்யுங்கள். கேட்ட கணக்கு, கேட்ட காலம், கேட்ட விவரம் ஆகியவற்றை மட்டும் கிளை மேலாளரின் கையொப்பத்தோடு அனுப்பி, அதன் நகலையும் அறிவிப்பையும் ஒன்றாகக் கோப்பில் வையுங்கள்.