‘நிறுத்துதல் அபராதம் விதிக்கப்படும்’: தல், கை எழுவாயாக வரும்போது (கேள்வி பதில்)

முப்பது வருடமாகச் சென்னையில் புத்தகங்களுக்கும் அழைப்பிதழ்களுக்கும் புரூஃப் பார்த்து வருகிறேன். எங்கள் வாசகர் வட்டத்தில் போன சனிக்கிழமை தொழிற்பெயரைப் பற்றி, அதாவது தல், கை போன்ற விகுதி சேர்ந்து ஒரு செயலுக்குப் பெயராக வரும் நிறுத்துதல், வருகை போன்ற சொற்களைப் பற்றி மட்டும் கேள்வி கேட்கச் சொன்னேன். வந்தவற்றில் சிலவும் என் பதில்களும் கீழே.

வேளச்சேரி, குடியிருப்போர் சங்கச் செயலாளர்: எங்கள் வாசலில் ‘வாகனங்களை இங்கே நிறுத்துதல் அபராதம் விதிக்கப்படும்’ என்று பலகை வைத்தேன். மூன்றாம் மாடித் தாத்தா தப்பு என்கிறார். நிறுத்துதல் பெயர்ச்சொல்தானே சார், எழுவாயாக வரக் கூடாதா?

தாராளமாக வரலாம். ஆனால் உங்கள் பலகையில் அது உட்கார இடமில்லை. ‘விதிக்கப்படும்’ என்ற பயனிலையிடம் ‘எது?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘அபராதம்’ என்று பதில் வரும். எழுவாய் இடத்தை அபராதம் எடுத்துக்கொண்டுவிட்டது. ‘நிறுத்துதல்’ எந்தச் சொல்லோடும் சேராமல் முன்னால் தனியாக நிற்கிறது. விதிக்கப்படுவது அபராதம்தான், நிறுத்துதல் இல்லையே.

சொல்ல வந்தது நிபந்தனை என்றால் ‘நிறுத்தினால் அபராதம் விதிக்கப்படும்’ என்று எழுதுங்கள். நிறுத்துதலை எழுவாயாகவே வைக்க ஆசை என்றால் அதற்கு ஏற்ற பயனிலை கொடுங்கள்: ‘வாகனங்களை இங்கே நிறுத்துதல் அபராதத்துக்குரியது’. எது அபராதத்துக்குரியது? நிறுத்துதல். இப்போது பொருந்துகிறது.

இதன் உடன்பிறப்பு ஒன்று உண்டு. ‘அனுமதியின்றி நுழைதல் தண்டிக்கப்படுவார்கள்’ என்று எழுதிவிடுவார்கள். நுழைதல் ஒரு செயல், ‘படுவார்கள்’ ஆட்களுக்கு உரியது. ‘நுழைபவர்கள்’ என்று போட்டால் தீர்ந்தது. தாத்தாவிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

அண்ணா நகர், ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர்: நீங்கள் முதல் பாதியைக் கவனிக்கவில்லை. தல் வந்ததுமே அது பெயராகிவிட்டது. பெயருக்கு முன்னால் ஐ உருபு எப்படி வரும்? ‘வாகனங்களை நிறுத்துதல்’ என்பதே பிழை. ‘வாகன நிறுத்தம்’ என்பதுதான் இலக்கணம்.

ஐயா, பெயராகிவிட்டது என்பது சரி. ஆனால் வெளியே பெயராக நின்றாலும் உள்ளே வினையின் உயிர் போகவில்லை. அதனால்தான் ‘வேகமாக ஓடுதல்’ என்கிறோம். ‘வேகமான ஓடுதல்’ என்றால் காதில் இடறுகிறது. ‘ஓட்டம்’ என்று சொன்னால் தலைகீழ்: ‘வேகமான ஓட்டம்’ சரி, ‘வேகமாக ஓட்டம்’ வராது. வினையடையை ஏற்கிற சொல், அதன் வினை செயப்படுபொருள் கேட்பதாக இருந்தால், அந்தச் செயப்படுபொருளையும் ஏற்கும். ஆகவே வாகனங்களை நிறுத்துதல், கடனை அடைத்தல், வீட்டைக் கட்டுதல் எல்லாமே சரிதான். அந்த முழுத் தொடரும் சேர்ந்துதான் எழுவாய். கடைசிச் சொல்லை மட்டும் பிரித்துப் பார்க்கக் கூடாது.

நீங்கள் சொன்ன ‘வாகன நிறுத்தம்’ நம் ஊரில் வண்டி நிறுத்தும் இடத்துக்கும் பெயர். அதைப் போட்டால் பலகையின் பொருளே மாறலாம்.

ஐ உருபை விட்டு எழுதுவதும் வழக்கம்தான்: மரம் வளர்த்தல், பாடம் நடத்துதல். அங்கே இன்னொரு கவனம் வேண்டும். ‘மரம் வளர்தல்’ என்றால் மரமே வளர்கிறது. ‘மரம் வளர்த்தல்’ என்றால் யாரோ மரத்தை வளர்க்கிறார்கள். ஒரு த் போனால் செய்கிறவர் மாறிவிடுகிறார். ஒருமுறை ஓர் அழைப்பிதழில் ‘ஆண்டு விழா நடத்தல் குறித்து’ என்று அச்சாக இருந்தது. ‘நடத்துதல்’ என்று திருத்தினேன். நட என்பதிலிருந்து நடத்தல், நடத்து என்பதிலிருந்து நடத்துதல். விழாவை நடத்தத்தான் அவர்கள் கூடினார்கள்.

கொளத்தூர், ஒரு மாணவியின் அப்பா: என் மகள் பரீட்சையில் ‘தலைவர் நேற்று வருதல் எங்களுக்கு மகிழ்ச்சி தந்தது’ என்று எழுதினாள். டீச்சர் சுழித்துவிட்டு மார்க் குறைத்துவிட்டார். எழுவாய் இருக்கிறது, பயனிலை அஃறிணை ஒருமை, நீங்கள் சொன்ன ‘எது?’ கேள்விக்கும் பதில் வருகிறது. மார்க் கேட்டுப் போகலாமா?

போக வேண்டாம். உங்கள் மகள் எழுவாயையும் பயனிலையையும் சரியாகவே பொருத்தியிருக்கிறாள், அதைப் பாராட்டத்தான் வேண்டும். பிழை ‘நேற்று’ என்ற சொல்லில் இருக்கிறது. தல் காலம் காட்டாது. நடந்து முடிந்த ஒன்றை ‘நேற்று’ என்று தேதி குறித்துச் சொன்னால், பக்கத்தில் உள்ள வினை அந்த இறந்த காலத்தைத் தாங்க வேண்டும். வருதலால் அது முடியாது.

திருத்த இரண்டு வழி. ஒன்று, காலம் காட்டும் வடிவத்துக்குப் போவது: ‘தலைவர் நேற்று வந்தது எங்களுக்கு மகிழ்ச்சி தந்தது’. பேச்சிலும் இதைத்தான் சொல்கிறோம். இரண்டாவது, கை ஈற்றுக்குப் போவது: ‘தலைவரின் நேற்றைய வருகை எங்களுக்கு மகிழ்ச்சி தந்தது’. இதில் மூன்று மாற்றம் சேர்ந்தே நடந்திருக்கிறது. வருதல் வருகை ஆனது, தலைவர் தலைவரின் ஆனார், நேற்று நேற்றைய ஆனது. ஒன்றை மட்டும் மாற்றி ‘தலைவர் நேற்று வருகை மகிழ்ச்சி தந்தது’ என்று விட்டால் முன்பைவிட மோசம். செய்தித் தலைப்புகளில் ‘தலைவர் நேற்று வருகை’ என்று பார்த்திருப்பீர்கள். அது ‘வருகை தந்தார்’ என்பதன் சுருக்கம், எழுவாய் இல்லை.

‘தலைவர் நாளை வருதல் உறுதி’ சரியா என்று உங்கள் மகள் கேட்கலாம். அது என் காதில் அவ்வளவு உறுத்தவில்லை, இன்னும் நடக்காததால் இருக்கலாம். நான் ‘வருவது உறுதி’ என்றே எழுதுவேன். தமிழாசிரிய நண்பர்கள் சிலர் வருதலையும் ஏற்கிறார்கள்.

தாம்பரம், கல்லூரி அலுவலக ஊழியர்: ‘மாணவர்களைச் சேர்க்கை ஜூன் மாதம் தொடங்கும்’ என்று நோட்டீஸ் அடித்துவிட்டோம். தலுக்கு ஐ வரலாம் என்றால் கைக்கும் வரும்தானே?

இங்கேதான் இரண்டும் பிரிகின்றன, அம்மா. வருகை, சேர்க்கை, வாழ்க்கை, நம்பிக்கை, கோரிக்கை போன்றவை இன்று முழுப் பெயராக உறைந்துவிட்டன. உள்ளே வினை இல்லை, அதனால் செயப்படுபொருளை ஏற்காது. ‘மாணவர் சேர்க்கை ஜூன் மாதம் தொடங்கும்’ என்று எழுதுங்கள்.

உறைந்துவிட்டதா என்று பார்க்க ‘கள்’ சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். கோரிக்கைகள், நம்பிக்கைகள் என்று சுலபமாக வருகிறது. எழுதுதல்கள், ஓடுதல்கள் வரவில்லை. ஆனால் ஈற்றை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தல் ஈற்றுச் சொல்லும் உறையும். ‘தேர்தல்’ அப்படித்தான். தேர்தல்கள் என்கிறோம், நேற்றைய தேர்தல் என்கிறோம். ‘வேட்பாளரைத் தேர்தல் நடந்தது’ என்று யாரும் சொல்வதில்லை.

திருவல்லிக்கேணி, வைணவ உரைகள் படிக்கும் பெரியவர்: கை உறைந்துவிட்டது என்பதை நான் ஏற்க மாட்டேன். எங்கள் வியாக்கியானங்களில் ‘அவனைப் பற்றுகை’, ‘இங்கே வருகை’ என்று ஐ உருபோடும் இடச்சொல்லோடும் பக்கத்துக்குப் பக்கம் வரும். பூர்வாசாரியர்கள் பிழையாகவா எழுதினார்கள்?

நிச்சயமாக இல்லை, சுவாமி. தமிழும் வடமொழியும் கலந்த அந்த மணிப்பிரவாள உரைநடையில் கைதான் உயிருள்ள விகுதி. இன்று நாம் ‘பற்றுதல்’ அல்லது ‘பற்றுவது’ என்று எழுதும் இடமெல்லாம் அங்கே ‘பற்றுகை’. எந்த வினையோடும் சேரும், செயப்படுபொருளை ஏற்கும், எழுவாயாகவும் நிற்கும். இடைக்காலத்தில் அவ்வளவு வீச்சோடு இருந்த விகுதி இன்றைய பொது நடையில் சில சொற்களோடு நின்றுவிட்டது என்று திருத்திக்கொள்கிறேன்.

அதனால் ‘அவனைப் பற்றுகை நன்று’ இலக்கணப் பிழை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தாம்பரம் அம்மாவின் நோட்டீஸைப் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் படிப்பார்கள். அவர்கள் ‘மாணவர்களை’ என்று படித்ததும் ஒரு வினையை எதிர்பார்ப்பார்கள், சேர்க்கையில் அது கிடைக்காமல் தடுக்கிவிடும். (பெரியவர் இதற்கு, வழக்கு போய்விட்டது என்பதற்காக வாசலை மூடக் கூடாது என்றார். அவர் கவலையும் நியாயமானதே.)

பெரம்பூர், சிறுகதை எழுதும் இளைஞர்: ‘அவன் வருகையில் எல்லோரும் எழுந்தார்கள்’. இங்கே எழுவாய் வருகையா, எல்லோருமா?

எல்லோரும். ‘வருகையில்’ என்றால் வரும்போது என்று பொருள், பொழுதைத்தான் சொல்கிறது. கையின் பழைய உயிர் இன்றும் மிச்சமிருக்கும் இடம் இது. போகையில், பேசுகையில், ‘கடிதத்தைப் படிக்கையில்’ என்று ஐ உருபோடுகூட வருகிறது பாருங்கள். ஆனால் ‘அவனது வருகையில் எல்லோருக்கும் மகிழ்ச்சி’ என்றால் அது பழையபடி பெயர். முன்னால் ‘அவன்’ இருக்கிறதா, ‘அவனது’ இருக்கிறதா என்பதே வேறுபாட்டைக் காட்டிவிடும், தம்பி.

மாம்பலம், பள்ளி அலுவலக உதவியாளர்: வருகை பதிவேடா, வருகைப் பதிவேடா?

வருகைப் பதிவேடு. நீங்கள் கேட்பது சந்தி, அதற்குத் தனியாக ஒரு நாள் உட்காரலாம்.

சைதாப்பேட்டை, போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்: ‘மறத்தல் வெகுளியை யார்மாட்டும் தீய பிறத்தல் அதனான் வரும்’ குறளில் இரண்டு தல் இருக்கிறது. இரண்டும் எழுவாய் என்று நோட்ஸில் போட்டிருக்கிறார்கள். சரியா?

பாதி சரி. கடைசியிலிருந்து தொடங்குங்கள். ‘வரும்’ என்பதிடம் எது என்று கேட்டால் ‘தீய பிறத்தல்’, அதாவது தீயவை பிறத்தல். அது எழுவாய்தான். ‘மறத்தல்’ அப்படி இல்லை. அதற்கு எந்தப் பயனிலையும் கிடையாது. யாரிடத்தும் வெகுளியை மறக்க என்று ஏவுகிற இடத்தில் அதுவே பயனிலை போல நிற்கிறது. தல் ஈறு வியங்கோளாகவும் வரும் என்பதற்கு இதைக் காட்டலாம். ஒரே குறளில், எதுகையாக வரும் இரண்டு சொல்லுக்கு இரண்டு வேலை.

அவரே மீண்டும்: அப்படியென்றால் ‘சொல்லுதல் யார்க்கும் எளிய’ என்பதில் எளிது என்றுதானே இருக்க வேண்டும்? எளிய பன்மையாயிற்றே.

நல்ல இடத்தைப் பிடித்தீர்கள். சொல்லுதல் என்பது ஒரு தடவை சொல்வதைக் குறிக்கவில்லை, சொல்லும் செயல்கள் அத்தனைக்கும் பொதுப் பெயராக நிற்கிறது, அதனால் பன்மைப் பயனிலை ஏற்றது என்று கொள்ளலாம். அடுத்து வரும் ‘அரியவாம் … செயல்’ என்பதற்கும் அதே விளக்கம் பொருந்தும். ஆனால் தேர்வில் நீங்களாக ஒரு வாக்கியம் எழுதும்போது ‘சொல்லுதல் எளிது’ என்று ஒருமையிலேயே முடியுங்கள். ‘சொல்லுதலும் செய்தலும்’ என்று இரண்டை உம் போட்டு அடுக்கினால் மட்டும் ‘எளியவை’ என்று போகலாம்.