6 பேர் டீமுக்கு எத்தனை ஸ்டேட்டஸ் போதும்?

கேள்வி: கிருஷ்ணகிரி பக்கம் மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் மெயின்டெனன்ஸ் டீம், மொத்தம் 6 பேர். ஜிராவில் புதியது, ஒதுக்கப்பட்டது, அவசரம், நடக்குது, பெண்டிங், ஸ்பேர் வரணும், மறுபடி வந்தது, செக்கிங், முடிந்தது, க்ளோஸ்டு என்று 10 ஸ்டேட்டஸ் இருக்கிறது. ஆனாலும் எந்த வேலை எங்கே நிற்கிறது என்று தெரியவில்லை. எதை வைக்கலாம், எதைத் தூக்கலாம்?

பதில்: ஐந்து போதும்: புதுசு, நடக்குது, காத்திருக்கு, ஓட்டிப் பார்க்கணும், முடிஞ்சது.

ஒரு ஸ்டேட்டஸ் தேவையா என்று பார்க்க ஒரே சோதனைதான். கார்டு அங்கே வந்ததும் அடுத்து கை வைக்க வேண்டிய ஆள் மாறுகிறாரா? மாறவில்லை என்றால் அது ஸ்டேட்டஸ் இல்லை, வேறு ஏதோ ஒரு தகவல். ‘ஒதுக்கப்பட்டது’ என்பதை Assignee கட்டமே சொல்லிவிடும். ‘அவசரம்’ Priority-க்குப் போகட்டும். அவசர வேலையும் நடந்துகொண்டிருக்கலாம், ஸ்பேருக்குக் காத்தும் கிடக்கலாம். அதை ஸ்டேட்டஸ் ஆக்கினால் இந்த இரண்டில் எது என்பது மறைந்துபோகும். ‘மறுபடி வந்தது’ கார்டின் வரலாறு, இப்போதைய நிலை இல்லை. அதற்கு ஒரு லேபிள் போதும்.

உங்கள் பட்டியலில் உண்மையான வில்லன் ‘பெண்டிங்’. யாரும் தொடாத வேலை, ஓசூரிலிருந்து சீல் வர வேண்டிய வேலை, மேனேஜர் ரேட்டுக்கு ஓகே சொல்ல வேண்டிய வேலை எல்லாம் அதற்குள்தான் கிடக்கும். அதற்குப் பதில் ‘காத்திருக்கு’ என்று ஒன்றை வையுங்கள். ஆனால் அதற்குள் நுழையும் வழியில் ஒரு ஸ்க்ரீன் போட்டு, எதற்காக, யாரிடம், எந்தத் தேதிக்குள் என்ற மூன்றையும் கட்டாயமாக்குங்கள். ‘ஸ்பேர் வரணும்’ தனியாகத் தேவைப்படாது, காரணத்திலேயே அது வந்துவிடும். மூன்று நாளாக நகராததைப் பிடிக்க:

```
status = "காத்திருக்கு" AND NOT status CHANGED AFTER -3d
```

அடுத்து, எங்கிருந்து எங்கே போகலாம் என்பது. கூழ் பம்பில் மெக்கானிக்கல் சீல் ஒழுகுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆபரேட்டர் கார்டு போடுகிறார்: புதுசு. ஃபிட்டர் பம்பைப் பிரிக்கிறார்: நடக்குது. சீல் ஸ்டாக்கில் இல்லை: காத்திருக்கு. சீல் வந்ததும் மறுபடி ‘நடக்குது’. மாட்டியானதும் ‘ஓட்டிப் பார்க்கணும்’. இங்கே கார்டு ஷிஃப்ட் சூப்பர்வைசர் பெயருக்கு மாற வேண்டும். அவர் தண்ணீர் விட்டு பம்பை ஓட்டி, ஒழுகல் இல்லை என்றால்தான் ‘முடிஞ்சது’. ஒழுகினால் ‘நடக்குது’க்கே, அதே ஃபிட்டரிடம் திரும்பும். ‘புதுசு’க்கு அனுப்பிவிடாதீர்கள், வரிசையின் கடைசியில் போய் நிற்கும், பம்பைப் பிரித்தவருக்குத் தெரியவே தெரியாது.

‘நடக்குது’விலிருந்து நேராக ‘முடிஞ்சது’க்கு வழியே வைக்காதீர்கள். வழி இருந்தால் ஷிஃப்ட் முடியும் நேரத்தில் எல்லாரும் அதைத்தான் அமுக்குவார்கள். மற்றபடி வழிகளைப் பூட்டிக்கொண்டே போக வேண்டாம். தவறாக நகர்த்திய கார்டைத் திருப்ப முடியவில்லை என்றால் ஆட்கள் புதுக் கார்டு போட்டுவிடுவார்கள், ஒரே பம்புக்கு இரண்டு கார்டு ஓடும்.

தேவையில்லை என்று விட்ட வேலைக்கும் தனி ஸ்டேட்டஸ் வேண்டாம். அதை எந்த ஸ்டேட்டஸிலிருந்தும் ‘முடிஞ்சது’க்குக் கொண்டுபோகலாம், ஆனால் அந்த வழி மேனேஜருக்கு மட்டும். இரண்டுக்கும் வித்தியாசம் Resolution கட்டத்தில் தெரியும். ஒன்று கவனம்: கார்டை மறுபடி திறக்கும் வழியில் Resolution-ஐக் காலி செய்யும் போஸ்ட் ஃபங்ஷன் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கார்டு ‘நடக்குது’வில் நிற்கும், கார்டு எண்ணின் மேல் கோடு விழுந்திருக்கும், `resolution = Unresolved` என்று தேடினால் வரவும் வராது. ‘வேலையைக் காணோம்’ என்று யாராவது சொன்னால் முதலில் இதைப் பாருங்கள்.

உங்கள் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. சீசன் இல்லாத மாதங்களில் ஓவர்ஹால் செய்த மெஷினைத் தண்ணீர் விட்டுத்தான் ஓட்ட முடியும். பழம் போட்டு ஓட்டிப் பார்க்க சீசன் தொடங்க வேண்டும். அதுவரை கார்டை ‘ஓட்டிப் பார்க்கணும்’ பகுதியில் வைத்தால் அந்த வரிசை அடைத்துக்கொள்ளும், நேற்று மாட்டிய சீல் அதற்குள் புதைந்துபோகும். தண்ணீர் சோதனையோடு அந்தக் கார்டை மூடிவிட்டு, பழத்தோடு ஓட்டும் சோதனைக்குத் தனிக் கார்டு போட்டு இணைத்து, சீசன் தேதி கொடுத்து ‘காத்திருக்கு’வில் வையுங்கள். மேலே சொன்ன தேடலில் இவை தினமும் தலைகாட்டாமல் இருக்க `AND due <= 7d` என்று சேர்த்துக்கொள்ளலாம். காத்திருக்கும் தேதியை Due date கட்டத்திலேயே போட்டால்தான் இது வேலை செய்யும்.

பழைய ஸ்டேட்டஸை எடுக்கும்போது அதிலுள்ள கார்டுகளை எதற்கு மாற்ற என்று ஜிரா கேட்கும். மற்றவற்றை மொத்தமாக மாற்றலாம். ‘பெண்டிங்’கை மட்டும் அப்படிச் செய்யாதீர்கள். 6 பேரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து பிரியுங்கள். பாதி ‘புதுசு’க்குத்தான் போகும்.