‘மூணு செக்டார் போட்டா மூணு மடங்கு கெபாசிட்டி’: ஆர்.எஃப். இன்டர்வியூவில் இந்தப் பதில் ஏன் எடுபடாது

தம்பி, மதுரையில் ஈ.சி.இ. மூன்றாம் ஆண்டு படிப்பதாகவும், டெலிகாம் கம்பெனியில் டவர் சிக்னலைத் திட்டமிடும் ஆர்.எஃப். இன்ஜினியர் வேலைக்கு எதைப் படித்துக்கொண்டு போக வேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள். பாடத்திட்டம் முழுவதையும் உருட்ட வேண்டாம். ஒரு டவரின் பரப்பை மூன்று செக்டாராகப் பிரித்தால் கெபாசிட்டி எவ்வளவு கூடும் என்ற ஒரு கணக்கை மட்டும் கை வசம் வைத்துக்கொள்ளுங்கள். ஆள் விஷயம் தெரிந்தவரா, மனப்பாடம் செய்தவரா என்பது அதில் தெரிந்துவிடும்.

ஆபரேட்டர் கையில் 420 பேச்சு சேனல்கள் இருப்பதாக வையுங்கள். ஒரு டவர் சிக்னல் தரும் பரப்புதான் செல்; பக்கத்துப் பக்கத்து செல்களுக்கு ஒரே சேனலைக் கொடுத்தால் ஒன்றோடொன்று மோதும். அதனால் ஏழு செல்களை ஒரு கிளஸ்டராக்கி, 420-ஐப் பங்கு போட்டு, செல்லுக்கு 60 கொடுக்கிறோம். அடுத்த கிளஸ்டரில் அதே 420 மறுபடி வரும். இதுதான் அலைவரிசை மறுபயன்பாடு. மாட்டுத்தாவணியில் ஓடும் சேனலே தள்ளிப் போய் திருமங்கலம் பக்கமும் ஓடலாம்.

எவ்வளவு தள்ளி என்பதற்கு D/R = √(3N) என்ற சூத்திரம். D என்பது ஒரே சேனலைப் பயன்படுத்தும் இரண்டு செல்களின் இடைவெளி, R செல்லின் ஆரம், N கிளஸ்டர் அளவு. N = 7 என்றால் 4.58. ஊருக்குள் சிக்னல் ஏறக்குறைய தூரத்தின் நான்காம் அடுக்கில் தேய்கிறது என்று எடுத்தால், 4.58-இன் நான்காம் அடுக்கு 441. சுற்றிலும் ஒரே சேனல் செல்கள் ஆறு. ஆறால் வகுத்தால் சிக்னலுக்கும் குறுக்கீட்டுக்கும் உள்ள விகிதம் 73.5, அதாவது சுமார் 18.7 டெசிபெல். பழைய அனலாக் போனுக்கு 18 தேவைப்பட்டது, ஆகவே இது போதும். ஜி.எஸ்.எம்.முக்கு 9 இருந்தாலே ஓடும். பாடப்புத்தகங்கள் இன்னமும் 18-ஐத்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

N-ஐ 4 ஆக்கினால் செல்லுக்கு 105 சேனல் கிடைக்கும். ஆனால் விகிதம் 144/6 = 24, அதாவது 13.8 டெசிபெல்லுக்கு இறங்கிவிடும். இங்கேதான் செக்டார் வருகிறது. எல்லாத் திசைக்கும் வீசும் ஆன்டெனாவை எடுத்துவிட்டு, வடக்கிலிருந்து 0, 120, 240 டிகிரி பார்க்கும் மூன்று ஆன்டெனா வைக்கிறோம். இப்போது ஆறு எதிரிகளில் இரண்டு பேர்தான் நம்மை நோக்கி வீசுகிறார்கள். 144/2 = 72, சுமார் 18.6 டெசிபெல். பழைய தரம் திரும்பிவிட்டது, சேனலோ 60-லிருந்து 105 ஆகிவிட்டது.

இனி கவனியுங்கள். அந்த 105-ஐ மூன்று செக்டாருக்கும் பிரித்தால் ஆளுக்கு 35. ஒரு செக்டாரில் கூட்டம் நெரியும்போது பக்கத்து செக்டாரில் சும்மா இருக்கும் சேனலை எடுத்துக்கொள்ள முடியாது. நூற்றில் இரண்டு அழைப்பு தடைபடலாம் என்ற கணக்கில் எர்லாங்-பி அட்டவணையைப் பாருங்கள்: 60 சேனல் 49.6 எர்லாங் தாங்கும்; ஒரு சேனல் ஒரு மணி நேரம் முழுக்கப் பேச்சில் இருந்தால் ஒரு எர்லாங். 35 சேனல் 26.4, மூன்றும் சேர்ந்து 79.3. பரபரப்பான மணி நேரத்தில் ஒருவர் ஒன்றரை நிமிடம் பேசுவார் என்றால், செல்லுக்கு சுமார் 1,980 பேர் என்பது 3,170 பேர் ஆகிறது. சேனல் 75 சதவீதம் கூடியும் ஆட்கள் கூடியது 60 சதவீதம்தான்.

N-ஐ 7-லேயே வைத்துக்கொண்டு செக்டார் மட்டும் பிரித்திருந்தால்? செக்டாருக்கு 20 சேனல், 13.2 எர்லாங், மூன்றும் சேர்ந்து 39.5. இருந்ததும் குறைந்துவிட்டது! செக்டார் தானாகக் கெபாசிட்டி தருவதில்லை; குறுக்கீட்டைக் குறைத்து N-ஐச் சுருக்க வழிவிடுகிறது, லாபம் அந்தச் சுருக்கத்தில்தான். இதை இன்டர்வியூவில் சொல்லுங்கள்.

‘4ஜி-யில் எப்படி?’ என்று அடுத்துக் கேட்பார்கள். அங்கே N = 1. ஒவ்வொரு செக்டாரும் முழு அலைவரிசையையும் எடுத்துக்கொள்ளும், அதனால் மூன்று மடங்கை ஓரளவு நெருங்கலாம். ஆனால் இரண்டு செக்டார் உரசும் எல்லையில் நிற்பவருக்கு சிக்னல் பலமாகத் தெரியும், வேகம் வராது. அந்த உரசலைக் குறைக்கத்தான் 120 டிகிரி செக்டாருக்கும் கிடைமட்டத்தில் 65 டிகிரி அளவு கற்றையுள்ள ஆன்டெனாவைப் போடுகிறார்கள்.

களத்தில் கெடுவது பெரும்பாலும் இரண்டு விதம். ஒன்று, கேபிள் மாறிச் செருகுவது. டவரைச் சுற்றி வண்டியில் போய் சிக்னலை அளக்கும் டிரைவ் டெஸ்ட் போனால், 0 டிகிரிப் பக்கம் வர வேண்டிய செல் எண் 120 பக்கம் வரும். பக்கத்து செல் பட்டியல் பொருந்தாமல், ஒரு செல்லிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் ஹேண்டோவரில் அழைப்பு அறுபடும். இன்னொன்று, எல்லை தாண்டி வீசுவது. நாகமலை மாதிரி உயரத்தில் ஆன்டெனா வைத்து டில்ட் சரியாகக் கொடுக்காவிட்டால் சிக்னல் கீழே உள்ள சமவெளியில் பல கிலோமீட்டர் பாய்ந்து மற்ற செல்களைக் கெடுக்கும். போன் டவரிலிருந்து எவ்வளவு தூரம் என்று காட்டும் டைமிங் அட்வான்ஸ் அளவு வழக்கத்துக்கு மேல் இருக்கிறதா என்று பார்த்தால் பிடிபடும். ஆன்டெனாவைக் கீழ்நோக்கிச் சாய்ப்பதுதான் முதல் மருந்து.

N = 3-க்கும் இதே கணக்கை அட்டவணையோடு நீங்களே போட்டுப் பாருங்கள். 9 டெசிபெல் போதும் என்கிற ஜி.எஸ்.எம்.முக்கு அது செக்டார் இல்லாமலேயே தேறுகிறதா என்று பார்த்துவிட்டு, அதற்கப்புறம் ரெஸ்யூமே எழுத உட்காருங்கள்.