போனை விற்காதீர்கள், ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது

கேள்வி: ஒன்றுவிட்ட அண்ணனுக்கு இரண்டு வருஷம் முன்னாடி இரண்டு லட்சம் ரூபாய் கைமாற்றாகக் கொடுத்தேன். புரோநோட்டு எதுவும் வாங்கவில்லை. இப்போது பணமே வாங்கவில்லை என்கிறார். “தர்றேம்மா, தீபாவளி கழியட்டும்” என்று அவர் பேசியது கால் ரெக்கார்டிங்கில் இருக்கிறது, வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்து வைத்திருக்கிறேன். அவருக்குத் தெரியாமல் பதிவு செய்தது கோர்ட்டில் செல்லுமா? போன் டிஸ்ப்ளே உடைந்துவிட்டதால் எக்ஸ்சேஞ்சில் போடப் போகிறேன்.
— பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: முதலில் அந்த போனை எக்ஸ்சேஞ்சில் போடாதீர்கள். டிஸ்ப்ளே மாற்றிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அணைத்து பீரோவில் வையுங்கள். உங்கள் வழக்கில் அசல் சாட்சி அந்த போன்தான்.

தெரியாமல் பதிவு செய்தது பற்றிப் பயப்பட வேண்டாம். பேசிய இரண்டு பேரில் ஒருவர் நீங்கள். அடுத்தவர்கள் இருவர் பேசுவதை ஒட்டுக் கேட்டுப் பதிவு செய்வதுதான் வேறு விவகாரம். மல்கானி வழக்கில் 1970-களிலேயே உச்ச நீதிமன்றம் ரகசியப் பதிவை ஏற்றுக்கொண்டது. கணவன் மனைவி பேச்சை ரகசியமாகப் பதிவு செய்ததைக்கூட விவாகரத்து வழக்கில் பார்க்கலாம் என்று 2025 ஜூலையில் சொல்லிவிட்டது.

ஆனால் கோர்ட் ஏற்றுக்கொள்வது ஒன்று, நம்புவது இன்னொன்று. பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இரண்டாவதில்தான். உங்கள் ஸ்கிரீன்ஷாட்டை எடுத்துப் பாருங்கள், மேலே நீங்கள் சேமித்த பெயர்தான் இருக்கும், நம்பர் இருக்காது. தேதி இருக்க வேண்டிய இடத்தில் ‘Today’ என்றோ ‘Yesterday’ என்றோ இருக்கலாம். யார் நம்பரை வேண்டுமானாலும் ‘அண்ணன்’ என்று சேமிக்கலாமே, எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்பது அதைத்தான். அதனால் சாட்டை அழிக்காமல் போனிலேயே வைத்திருங்கள். அந்த நம்பர் தெரியும் பக்கத்தையும், உரையாடல் ஆரம்பத்திலிருந்து முடிவு வரையும் எடுத்துக்கொள்ளுங்கள். ‘Export chat’ கொடுத்து முழு உரையாடலையும் சேமித்து வையுங்கள். மறையும் மெசேஜ் வசதி போட்டிருந்தால் இன்றைக்கே அணைத்துவிடுங்கள்.

ஆடியோவிலும் இதே கதை. அதை மகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, அவன் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தால் ஃபைல் பெயரே ‘AUD-20250914-WA0007’ என்கிற மாதிரி மாறிப் போகும், எப்போது பதிவானது என்பதும் குழம்பிவிடும். போனிலிருந்து கேபிள் போட்டு நேராக நகலெடுங்கள். நல்ல பகுதியை மட்டும் வெட்டி எடுக்க வேண்டாம், நீங்கள் கோபத்தில் கத்தியிருந்தாலும் முழுசாகவே இருக்கட்டும், வெட்டின ஆடியோ என்று தெரிந்தால் மீதியும் சந்தேகத்தில் போய்விடும்.

அப்புறம் சான்றிதழ். 2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய சாட்சிய சட்டம் நடைமுறையில் இருக்கிறது. பழைய 65பி பிரிவு இப்போது 63-வது பிரிவு. நகலையோ பிரின்ட்அவுட்டையோ கொடுக்கும்போது எந்தக் கருவியிலிருந்து எடுத்தது, அது சரியாக வேலை செய்ததா என்றெல்லாம் ஒரு படிவத்தில் எழுதித் தர வேண்டும். ‘அ’ பகுதியில் நீங்கள், ‘ஆ’ பகுதியில் ஒரு நிபுணர் கையெழுத்திடுவார். அதில் ஹாஷ் என்று ஒரு நீண்ட எண்ணைக் குறிப்பார்கள். ஃபைலில் ஒரு எழுத்து மாறினாலும் அந்த எண் மொத்தமாக மாறிவிடும், அதை வைத்துத்தான் யாரும் கை வைக்கவில்லை என்று காட்டுவது. போனையே கோர்ட்டில் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தால் சான்றிதழ் தேவையில்லை என்று பழைய சட்டத்தின் கீழ் 2020-ல் ஒரு தீர்ப்பு இருக்கிறது. ஆனாலும் சான்றிதழையும் தயார் செய்துவிடுங்கள். அது இல்லாமல் நகலை மட்டும் கொடுத்தால் சாட்சியமாக ஏற்பது கஷ்டம்.

உங்கள் ரெக்கார்டிங்கில் எனக்குத் தெரியும் ஓட்டை வேறு. “தர்றேம்மா” என்றால் எதை? எவ்வளவு என்று அவர் வாயிலிருந்து வரவில்லை. சீட்டுப் பணம், நகைக்கான பாக்கி என்று ஆயிரம் சொல்வார். அதனால் வங்கிப் பாஸ்புக்கைப் பாருங்கள். கொடுத்த நாளையொட்டி இரண்டு லட்சம் எடுத்தது பதிவாகியிருந்தால் அந்தக் குரலுக்குத் துணை கிடைத்துவிடும். அவர் எப்போதாவது ஐயாயிரம் ஜிபேயில் அனுப்பியிருந்தால் இன்னும் நல்லது. குரலே என்னுடையது இல்லை என்று மறுத்தால், தடயவியல் ஒப்பீட்டுக்கு அனுப்பச் சொல்லி மனு போடலாம், நாள் பிடிக்கும்.

பொதுவாகக் கடன் கொடுத்த நாளிலிருந்து மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும். போனில் ஒப்புக்கொண்டதால் இந்தக் கெடு நீளாது. அதற்குள் அவர் எழுத்தில், கையெழுத்தோடு ஒப்புக்கொண்டால்தான் நீளும். ஆகவே இந்த மாதமே வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். அதில் ரெக்கார்டிங் இருப்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வழக்குப் போடும்போது எப்படியும் ஆவணங்களோடு தாக்கல் செய்தாக வேண்டும். ஆனால் நோட்டீஸுக்குப் பதில் தரும்போது “ஒரு பைசாகூட வாங்கவில்லை, பணம் பற்றிப் பேசியதே இல்லை” என்று அவர் எழுத்தில் கொடுத்துவிட்டால், பிறகு அந்தக் குரலுக்கு அவர்தான் விளக்கம் சொல்லியாக வேண்டும்.