பிட்சிங் வெட்ஜுக்குக் கீழே ஒரு பள்ளம்

அன்புள்ள சார்,

கோல்ஃப் ஆட ஆரம்பித்து இரண்டு வருடம். போன மாதம் செகண்ட் ஹேண்டில் ஒரு அயர்ன் செட் வாங்கினேன், நாலைந்து வருடப் பழசு. என் 7 அயர்னில் பந்து காற்றிலேயே 140 யார்டு போகிறது. கூட ஆடும் நண்பர் என்னைப் போலவேதான் வீசுகிறார், ஆனால் அவருடைய பழைய செட்டின் 7 அயர்ன் 125-ஐத் தாண்டவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் பிட்சிங் வெட்ஜ் 104 போகிறது, சாண்ட் வெட்ஜ் 70. 85, 90 யார்டில் பந்து கிடந்தால் கையில் ஒன்றுமில்லை. மேல் பக்கம் பார்த்தால் 4 அயர்னும் 5 அயர்னும் ஒரே 150. நான் எங்கே தப்பு செய்கிறேன்? எந்த அயர்ன் எதற்கு?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

தப்பு உங்கள் வீச்சில் இல்லை, கிளப்பின் அடியில் பொறித்திருக்கும் எண்ணை நம்பியதில் இருக்கிறது. எனக்கு இதைப் புரியவைத்தவர் கிண்டி கோல்ஃப் மைதானத்தில் என் பையைச் சுமந்துகொண்டு கூடவே வந்த ஒரு வயதான கேடி. புது செட்டோடு போன முதல் நாள், 7 அயர்னை வாங்கி, தரையில் வைத்து மேலிருந்து முகத்தைப் பார்த்தார். "சார், இது ஏழு இல்ல. பழைய கணக்குல அஞ்சரை" என்றார். நான் சிரித்தேன். மூன்றாவது குழியில் பந்து கொடி நட்டிருக்கும் கிரீனைத் தாண்டிப் போனதும் சிரிப்பு நின்றது.

அவர் பார்த்தது லாஃப்ட்டை. முகம் எவ்வளவு மல்லாந்திருக்கிறது என்பதன் டிகிரி அளவு அது. எண் கூடக்கூட லாஃப்ட் கூடும், தூரம் குறையும். எழுபதுகளில் வந்த செட்களில் 7 அயர்ன் 38, 39 டிகிரி இருக்கும். இன்று உங்களைப் போன்றவர்களுக்காகச் செய்யும் செட்களில் அது 28-லிருந்து 30-க்குள். எண்ணை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள். இதில் விற்பனைத் தந்திரம் உண்டு, ஆனால் முழுக்க மோசடி என்று சொல்ல மாட்டேன். இப்போதைய கிளப் தலைகளில் எடையைக் கீழேயும் பின்னாலும் தள்ளி வைப்பதால் பந்து சுலபமாக எழும்புகிறது. லாஃப்ட்டைக் குறைக்காவிட்டால் வானத்துக்குப் போய்விடும்.

உங்கள் செட்டில் 7 அயர்ன் 29, பிட்சிங் வெட்ஜ் 43, சாண்ட் வெட்ஜ் 56 என்று வைத்துக்கொள்கிறேன். இந்த வகை செட்களில் இதுதான் வழக்கம். தயாரிப்பாளரின் பக்கத்தில் மாடல் பெயரைத் தேடி ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். 7-லிருந்து பிட்சிங் வெட்ஜ் வரை 14 டிகிரி, தூரத்தில் 36 யார்டு. டிகிரிக்கு ஏறக்குறைய இரண்டரை யார்டு. இது உங்கள் வேகத்துக்கான கணக்கு. வேகமாக வீசுபவருக்கு இந்த எண் கூடும். நண்பரின் 7 அயர்ன் 35 டிகிரியாக இருந்தால், 6 டிகிரி வித்தியாசத்துக்குப் பதினைந்து யார்டு சரியாக வந்துவிடுகிறது. அவர் கையில் இருப்பது உங்கள் 8-க்கும் 9-க்கும் நடுவில் ஒரு கிளப். அவ்வளவுதான் விஷயம், அவரிடம் பந்தயம் கட்டியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

லாஃப்ட் கூடினால் தூரம் ஏன் குறைகிறது? முகம் நிமிர்ந்திருந்தால் அடியின் பெரும்பகுதி பந்தை முன்னால் தள்ளுகிறது. மல்லாந்திருந்தால் அதில் ஒரு பங்கு பந்தைப் பின்பக்கமாகச் சுழற்றுவதில் போய்விடுகிறது. வேகம் குறைகிறது, உயரமும் சுழற்சியும் கூடுகின்றன. போதாததற்கு, எண் ஒன்று கூடும்போது தண்டும் அரை அங்குலம் குட்டையாகிறது. அந்தச் சுழற்சி வீண் என்று நினைக்காதீர்கள். 9 அயர்ன் அடித்த பந்து கிரீனில் செங்குத்தாக விழுந்து, ஒரு குழியைப் பறித்து, இரண்டடியில் நிற்கும். அந்தக் குழியை வைத்தே எந்த அயர்ன் எதற்கு என்று சொல்லிவிடலாம். 8, 9, பிட்சிங் வெட்ஜ் கொடியைக் குறிவைக்க. 6, 7 கிரீனின் நடுப்பகுதிக்கு. 5, 4 என்று எண் குறைந்தால் குழி ஆழமாக விழாது, பந்து உருளும், அதனால் கிரீனுக்கு முன்னால் இடம் விட்டு அடிக்க வேண்டும். மரத்தடியிலிருந்து தாழ்வாக ஓட்டிவிடவும் அவைதான். சாண்ட் வெட்ஜ் தனி ஜாதி. அதன் அடிப்பாகம் தடித்து, மணலுக்குள் புதையாமல் வழுக்கிப் போகிறது. 1932-இல் அமெரிக்க ஆட்டக்காரர் ஜீன் சாரசன் பிரிட்டிஷ் ஓபனை வென்றபோது அப்படி ஈயம் பற்றவைத்த கிளப் அவர் பையில் இருந்தது.

இப்போது உங்கள் பள்ளத்துக்கு வருவோம். 43-க்கும் 56-க்கும் இடையே 13 டிகிரி. மற்ற அயர்ன்களுக்கு இடையே மூன்றிலிருந்து ஐந்து வரைதான். பழைய செட்களில் பிட்சிங் வெட்ஜே 50 டிகிரி, அடுத்து 56, ஆகவே பள்ளமே கிடையாது. எண்ணை மாற்றாமல் லாஃப்ட்டைக் குறைத்துக்கொண்டே போனதில் கீழே ஒரு படி உடைந்துபோனது. அதை அடைக்கத்தான் கேப் வெட்ஜ் வந்தது. 49 அல்லது 50 டிகிரியில் ஒன்று வாங்குங்கள். அது 86, 88 யார்டு போகும். பெயரைச் சொல்லிக் கேட்காமல் டிகிரியைச் சொல்லிக் கேளுங்கள். கேப் வெட்ஜ் என்ற பெயரில் 48-உம் விற்கிறார்கள், 52-உம் விற்கிறார்கள்.

4-உம் 5-உம் ஒரே தூரம் போவது வேறு கதை. கணக்குப்படி உங்கள் 5 அயர்னே 155-ஐத் தாண்ட வேண்டும். லாஃப்ட் குறையக் குறைய, பந்தை மேலே ஏற்றிப் பிடித்துக்கொள்ள வேகம் வேண்டும். அது இல்லாவிட்டால் பந்து தாழப் பறந்து சீக்கிரமே விழும். லாஃப்ட்டைக் குறைத்துச் சம்பாதித்ததைக் காற்றில் நிற்கும் நேரத்தில் இழந்துவிடுகிறீர்கள். பி.ஜி.ஏ டூரில் ஆடும் தொழில்முறை ஆட்டக்காரர்களின் எல்லா அயர்னும் ஏறத்தாழ ஒரே உயரத்துக்கு, 30 யார்டு போல, எழும்புகின்றன. நம் 4 அயர்ன் அதில் பாதி எழும்பினால் பெரிது. பக்கத்தில் நிற்பவரை உங்கள் 7-ஐயும் 4-ஐயும் பார்க்கச் சொல்லுங்கள், 4 கண்ணுக்குத் தெரிந்தே தாழப் போகும். 4 அயர்னை வீட்டில் வைத்துவிட்டு பந்தைச் சுலபமாக எழுப்பும் ஹைப்ரிட் கிளப் ஒன்றை எடுத்துக்கொள்வது நல்லது. பையில் 14 கிளப்தான் அனுமதி, ஆகவே கேப் வெட்ஜுக்கும் எதையாவது இறக்க வேண்டியிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. கிளப்பில் இருக்கும் லாஃப்ட் வேறு, பந்தைத் தொடும் கணத்தில் இருக்கும் லாஃப்ட் வேறு. டூர்காரரின் 34 டிகிரி 7 அயர்னிலிருந்து பந்து 16 டிகிரியில்தான் கிளம்புகிறது. அடிக்கும்போது அவர் கைகள் பந்துக்கு முன்னால் இருப்பதால் முகம் நிமிர்ந்துவிடுவது அதற்கு ஒரு முக்கியக் காரணம். நம்மில் பலர் பந்தைத் தூக்கிவிடப் பார்த்து மணிக்கட்டை மடக்கி, 7-ஐ 9 ஆக்கிவிடுகிறோம். பந்து உயரமாகப் போய்க் குட்டையாக விழும் நாட்களில் கிளப்பைக் குறை சொல்லாமல் கைகளைக் கவனியுங்கள்.

தூரத்தைப் பயிற்சி ரேஞ்சில் அளக்காதீர்கள், அங்கே கொடுக்கும் தேய்ந்த பந்துகள் குறைவாகத்தான் போகும். கூட்டமில்லாத மாலையில் உங்கள் பந்துகளையே பத்து அடித்து, மோசமான இரண்டைத் தள்ளிவிட்டு, பந்து முதலில் விழுந்த இடம் வரை அளந்துபாருங்கள். உருண்டுபோய் நின்ற இடம் கணக்கில் சேராது. அந்த எண்ணும் உங்கள் ஊருக்குத்தான். ஊட்டியில், ஏழாயிரம் அடிக்கு மேலே, காற்று மெலிது. கேடி 8 அயர்னை நீட்டினார், நான் பிடிவாதமாக 7-ஐ வாங்கினேன். அழகான அடி. பந்து கிரீனுக்குப் பின்னால் மரங்களுக்குள் போய் விழுந்த சத்தம் மட்டும் கேட்டது.