பாசார் கிசாரா, பாசார் கீசாரா?

"சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். என் மகள் கட்டுரையில் 'பாசார் கிசார்' என்று எழுதினாள். ஆசிரியை 'கீசார்' என்று திருத்தியிருக்கிறார். எது சரி? இதற்கு விதி உண்டா?"

ஆசிரியை திருத்தியதுதான் சரி. விதியும் உண்டு, உங்கள் மகள் அதை இதுவரை காதால் மட்டுமே அறிந்திருக்கிறாள்.

ஒரு சொல்லை அடுத்து 'முதலியவை' என்ற பொருளில் அதையே சற்று மாற்றிச் சொல்வது எதிரொலிச் சொல். அதில் முதல் எழுத்து மட்டுமே மாறும். அந்த எழுத்து குறிலானால் 'கி', நெடிலானால் 'கீ'. மண்டோர் கிண்டோர், லயம் கியம். மாடு கீடு, லோரி கீரி. முதல் மெய்யும் உயிரின் தன்மையும் மறைந்தாலும் உயிரின் அளவு மறைவதில்லை. 'பா' நெடில், ஆகவே 'கீ'. மலாயிலிருந்து வந்த சொல்லையும் நம் வாய் இந்த அளவுகோலால்தான் அளக்கிறது. முதல் எழுத்து வெறும் உயிராக இருந்தாலும் இதே கணக்குதான்: இலை கிலை, ஆடு கீடு. பேச்சில் இந்தக் ககரம் 'தங்கம்' என்பதில் வரும் ககரத்தைப் போல் மெலிந்தே ஒலிக்கும். எழுத்தில் அந்த வேறுபாடு தெரியாது.

விதி முட்டி நிற்கும் இடத்தையும் மகளுக்குக் காட்டுங்கள். தோட்டத்துக் 'கிராணி'க்கு எதிரொலி என்ன? விதிப்படி 'கிராணி கிராணி' என்றாகும். அதைக் கேட்பவருக்கு யாரோ கிராணியை இருமுறை கூப்பிடுவதாகத்தான் தோன்றும். 'கிராணி முதலானோர்' என்ற பொருள் வராது. மாற்றம் காதில் விழுந்தால்தான் எதிரொலி. 'கித்தா'வுக்கும் இதே நிலைதான். அங்கே 'கிராணி, மண்டோர் எல்லாரும்' என்று விரித்துச் சொல்ல வேண்டும்.

வேற்றுமை உருபு சேர்ந்தால் இரண்டிலும் வரலாம்: 'பாசாருக்குக் கீசாருக்குப் போகாதே.'