கத்தரிக்கோலை வைத்ததும் கை போனுக்குப் போகிறது

கேள்வி: திருப்பாதிரிப்புலியூரில் வீட்டிலேயே தையல் கடை வைத்திருக்கிறேன். சும்மா சும்மா வாட்ஸ்அப்பைத் திறந்து பார்க்கிறேன். போனில் தினமும் 30 நிமிஷம் என்று டைமர் வைத்தேன். பதினோரு மணிக்கே தீர்ந்துவிடுகிறது. அளவு, டிசைன் எல்லாம் வாடிக்கையாளர்கள் அதில்தான் அனுப்புகிறார்கள் என்பதால், நானே டைமரை எடுத்துவிடுகிறேன். என்ன செய்வது? – ஒரு வாசகி, கடலூர்

பதில்: டைமரை நீங்கள் எடுத்ததில் தப்பே இல்லை. ஆண்ட்ராய்டு போனில் நேரம் தீர்ந்தால் ஐகான் சாம்பல் நிறமாகும், செயலி திறக்காது, அதன் அறிவிப்புகளும் நள்ளிரவு வரை வராது. பிளவுஸ் அளவு அனுப்பியவர் பதிலுக்குக் காத்துக்கொண்டே இருப்பார். பிழைப்பையும் அரட்டையையும் ஒரே பூட்டில் போட்டதுதான் கோளாறு.

டைமர் ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனி. அதனால் கடைக்கு வாட்ஸ்அப் பிசினஸைப் போடுங்கள். இலவசம்தான், ஆனால் வேறு நம்பர் வேண்டும். இரண்டாவது சிம்மில் ஓடிபி வாங்கினால் அதே போனிலேயே இரண்டும் இருக்கும். புது நம்பரை வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிவிட்டு, அதற்கு டைமர் வைக்காமல் விடுங்கள். பழைய நம்பரில் சொந்தபந்தமும் குரூப்புகளும் இருக்கட்டும், டைமர் அதற்கு மட்டும்.

அப்புறம் அந்த 30 நிமிஷக் கணக்கு. Settings-இல் Digital Wellbeing போய், அன்றாடக் கணக்கில் வாட்ஸ்அப்பைத் தொட்டால் எத்தனை நிமிஷம் என்று தெரியும். Times opened என்று மாற்றினால் எத்தனை தடவை திறந்தீர்கள் என்றும் காட்டும். உங்களுக்கு முக்கியம் அதுதான். பேச்சுக்கு 140 நிமிஷம், 84 தடவை என்று வைத்துக்கொள்வோம். தடவைக்கு 100 விநாடி! யாரிடமும் உட்கார்ந்து பேசியிருக்கவில்லை, எட்டிப் பார்த்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். 140-லிருந்து ஒரேயடியாக 30-க்கு வந்தால் யாருக்கும் தாங்காது. கடைப் பேச்சு பிரிந்த பிறகு ஒரு வாரம் விட்டு, மீதி எவ்வளவு என்று பார்த்து, அதில் கால் பங்கை மட்டும் குறைத்து டைமர் வையுங்கள்.

குரூப்புகளை Always என்று மியூட் செய்யுங்கள். 8 மணி நேர மியூட் வேண்டாம், மறுநாள் காலையிலேயே மணி அடிக்கும். நேரம் தீர்ந்தபின் வாட்ஸ்அப்பில் வரும் அழைப்பையும் நம்ப முடியாது. அவசரம் என்றால் சாதாரண கால் போடச் சொல்லிவிடுங்கள்.

ஒரு விஷயம் என் அனுபவத்தில்: ஐகான் சாம்பலான பிறகும் என் கட்டைவிரல் அதே மூலைக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த இடத்தில் டார்ச்சை வைத்தேன். இரண்டு நாள் பட்டப்பகலில் விளக்கெரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நிமிஷத்தைப் பார்க்காதீர்கள், Times opened-ஐப் பாருங்கள். 84 என்பது 60 ஆகியிருந்தால் அடுத்த கால் பங்கைக் குறைக்கலாம். அதே 84-இலேயே நின்றால் டைமரைத் தொடாமல், எந்த குரூப் இழுக்கிறது என்று தேடுங்கள்.